தராசக்காவின் ஐம்பது கிலோ மெஷின்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. தராசக்கா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். அவள் லாண்டரிக் கடையின் வாசல்நிலையில் கொக்கித் தராசு ஒன்று எப்போதும் தொங்கும். வருகிற மூட்டை எதுவானாலும் அதில் ஏறி இறங்காமல் உள்ளே போகாது. அழுக்காக வந்தால் ஒரு எடை, காய்ந்து மடித்தபின் ஒரு எடை. சோப்புத்தூள் மூட்டைக்கும் அதே மரியாதைதான். காய்கறி விற்கிறவர் அவள் கடையைத் தாண்டும்போது தாமாகவே ஒரு கைப்பிடி அதிகம் போட்டுவிட்டுப் போவார். “என்னத்துக்குக்கா வம்பு” என்பார்.

பதினோரு வருஷம் அந்தக் கடையை அவள் ஒண்டியாகக் கட்டி இழுத்தாள். பதினைந்து கிலோ மெஷின் இரண்டு, உதவிக்கு மூன்று பெண்கள், நாலைந்து விடுதிகளின் விரிப்பும் துண்டும். அவள் புருஷன் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து ஓட்டுகிறவர். இரும்பு என்றால் அவருக்கு உயிர். வாய் பேசுவது கொஞ்சம், கை பேசுவதே அதிகம். இருவருமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஆறு லட்சம். அந்த ஆறு லட்சத்தை வைத்துத்தான் இந்தக் கதை.

ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார். தினமும் முந்நூற்று இருபது கிலோ துணி, எடைக் கணக்கில் கூலி, மூன்று வருஷ ஒப்பந்தம், ஆறு வாரத்தில் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பில் கொடுத்து அறுபது நாளைக்குள் பணம். அதாவது இரண்டு மாதம் கையிலிருந்து போட்டுத் துவைக்க வேண்டும். புதிதாக நாலு பெண்களுக்குச் சம்பளம், மருந்துச் சோப்பு, கரண்ட், எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இருக்கிற சின்ன மெஷின்களில் அந்தத் துணி விடிய விடிய ஓட்டினாலும் தீராது. ஐம்பது கிலோ மெஷின் ஒன்று வேண்டும். அதன் விலை பதினெட்டு லட்சம்.

“வாங்கிடலாம்” என்றார் புருஷன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. “பேங்க்ல கேட்டுட்டேன். நாலரை லட்சம் நம்ம கையிலிருந்து கட்டணும். மிச்சத்துக்கு லோன். மாசம் முப்பதாயிரம், அஞ்சு வருஷம்.”

“கேட்டே வந்துட்டீங்களா?”

“பின்ன? குடியிருக்கறது வாடகை வீடு, கடை வாடகைக் கடை. மெஷினாவது நம்மளுதா இருக்கட்டுமே. அஞ்சு வருஷம் போனா கடன் தீர்ந்துடும், மெஷின் நிக்கும். லீஸுன்னு வாடகைக்கு எடுத்தா? கட்டின காசு போன இடம் தெரியாது.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் சிக்கல். தப்பாகச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே வாயை அடைத்திருப்பாள். ஐந்து வருஷமும் மெஷின் ஓடும் என்றால் வாங்குவதுதான் லாபம், அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த முதல் இரண்டு மாதத்தைத் தாண்ட வேண்டுமே! கையில் இருப்பது ஆறு. நாலரையைத் தூக்கி மெஷின்காரனிடம் கொடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றரை. இரண்டு மாதச் செலவும் தவணையும் இரண்டே முக்காலைத் தொடும். புது மெஷின் பளபளவென்று நிற்கும், நாலு பெண்களும் சம்பளத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆஸ்பத்திரித் துணியை ஒருநாள் நிறுத்தினாலும் ஒப்பந்தம் போச்சு. பதினோரு வருஷக் கடையும் கூடவே போகும்.

“முதல்ல மெஷினப் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்” என்றாள்.

பார்க்கப் போனவள் சும்மா போனாளா? இரண்டு பெரிய மூட்டை அழுக்குத் துணியோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய விரிப்புகள், ரத்தக் கறையும் மருந்துக் கறையுமாக. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக இருந்த அந்த ஷோரூமில், டை கட்டின தம்பி ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

“மேடம், இதெல்லாம் என்ன?”

“துணி தம்பி. துவைக்கற மெஷின்தானே விக்கறீங்க?”

“டெமோவுக்கு நாங்களே டவல் வெச்சிருக்கோம் மேடம்.”

“உங்க டவல் சுத்தமா இருக்கு. அத எதுக்குத் துவைக்கணும்?”

தம்பி மெஷின் கதவைத் திறந்துவிட்டார். அவள் கைப்பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, கதவுக் கைப்பிடியில் மாட்டி, சரியாக ஐம்பது கிலோ பிரித்துப் போட்டாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் இருந்த துணியெல்லாம் பளிச்சென்று இருந்தது, நடுவில் சுருண்டிருந்த விரிப்புகளில் கறை அப்படியே. மிச்சம் இருந்த கறைத் துணியில் நாற்பது கிலோ மட்டும் எடுத்து மறுபடி ஒரு சுற்று விட்டாள். இந்தத் தடவை ஒரு பொட்டுக் கறை இல்லை. துணி டிரம்முக்குள் மேலே ஏறிக் கீழே விழுந்தால்தான் அழுக்குப் போகும். அடைத்துவிட்டால் உருளுமே தவிர விழாது.

“ஐம்பதுன்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரித் துணிக்கு இது நாப்பதுதான்” என்றாள்.

“லேசான அழுக்குக்கு ஐம்பது மேடம்” என்று தம்பி மென்று முழுங்கினார்.

“லேசான அழுக்கோட யாரு தம்பி ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க?”

ஆக, நாளைக்கு ஆறரைச் சுற்று இல்லை, எட்டுச் சுற்று. எட்டுச் சுற்றுக்கு, ஏற்றி இறக்கும் நேரத்தோடு, ஏழு மணி நேரம். மெஷின் நாள் முழுக்க மூச்சு விடாமல் ஓட வேண்டும். ஒருநாள் படுத்தால் அன்றைக்கே வேலை கெட்டது. கம்ப்யூட்டர் போர்டு வைத்த மெஷின் அது. புருஷன் கைக்குப் பேரிங் வசப்படும், பெல்ட் வசப்படும், அந்தப் போர்டு வசப்படாது. இந்த ஒன்றை யோசித்துத்தான் அவள் லீஸ் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். லீஸில் பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு, ஒருநாளுக்குள் ஆள் வராவிட்டால் அன்றைய வாடகை கிடையாது.

டை கட்டின தம்பி இப்போது கொஞ்சம் தெம்பாகப் பேசினார். அஞ்சு வருஷ லீஸ், மாதம் நாற்பத்திரண்டாயிரம், இரண்டு மாத வாடகை முன்பணம். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். எல்லோரும் என்று யாராவது சொன்னாலே தராசக்காவுக்குப் புருவம் ஏறிவிடும்.

“நடுவுல வேணாம்னா?”

“மிச்ச மாசத்து வாடகை மொத்தமும் கட்டணும் மேடம். எல்லா லீஸ்லயும் அப்படித்தான்.”

“எனக்கு ஆஸ்பத்திரி ஒப்பந்தம் மூணு வருஷம். உங்க லீஸ் அஞ்சு வருஷம். மிச்சம் ரெண்டு வருஷம் நான் யாரு துணியத் துவைக்கறது, உங்க துணியையா?”

தம்பி சிரித்துவிட்டார். மூன்று வருஷ லீஸும் உண்டு, ஆனால் மாதம் ஐம்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார். பதினாறாயிரம் கூட! காகிதத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டாள். அஞ்சு வருஷ லீஸ் எடுத்து மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரி கையை விரித்தால், துணியே இல்லாமல் பத்து லட்சம் கட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் கூடக் கட்டுவது மொத்தத்தில் ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஆஸ்பத்திரி போனாலும் கடை நிற்கும்.

“மூணு வருஷம் முடிஞ்சு மெஷின் எனக்கே வேணும்னா என்ன விலை?”

“அன்னைக்கு மார்க்கெட் விலை மேடம்.”

“அன்னைக்கு வேணாம். இன்னைக்கே எழுதுங்க.”

தம்பி உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவந்தார். அந்த வட்டாரத்தில் சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீர். மூன்று வருஷத்தில் டிரம்மும் ஹீட்டரும் சுண்ணாம்பு பூத்துப் பாழாகும், அதற்குமேல் அதற்கு மதிப்பு எங்கே என்று அவர்களுக்கு நினைப்பு. மூன்றரை லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்து. அவள் அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள்.

வீட்டில் புருஷன் இரண்டு நாள் தானே தட்டைப் போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள், “மாசம் ஐம்பத்தெட்டாயிரம்! என் சம்பளத்துல ரெண்டரை மடங்கு. யாரோட மெஷினுக்கு?” என்று வெடித்தார்.

“ஏங்க, மெஷின வெச்சுக்கிட்டு சம்பளம் குடுக்க முடியாம நிக்கறதுக்கு, சம்பளம் குடுத்துட்டு மெஷின் இல்லாம நிக்கலாம்” என்றாள் அவளும் விடாமல். “உங்களால அந்தப் போர்டப் பிரிச்சுச் சரிபண்ண முடியுமா? முடியும்னு சொல்லுங்க, நாளைக்கே வாங்கிடறேன்.”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். எழுந்து போய்விட்டார்.

மெஷின் வந்தது. நாலு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி சொன்ன அறுபது நாள் எழுபதானது. கையிருப்பு கரைந்து எண்பதாயிரத்தில் வந்து நின்றபோது முதல் பணம் வந்தது. மெஷினை வாங்கியிருந்தால் அந்த எழுபது நாளில் கடை குப்புற விழுந்திருக்கும். புருஷனும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் போலும். அதன் பிறகு லீஸைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து மெஷினைச் சுற்றி நடந்து பார்ப்பார், தொடமாட்டார்.

அவர் கை வைத்தது வேறொரு மெஷினில், ஒரு இஸ்திரி உருளையில். எட்டாவது மாதம், மூடிவிட்ட ஹோட்டல் ஒன்றில், விரிப்பை நீளவாக்கில் உள்ளே விட்டால் சுருக்கம் எடுத்துத் தள்ளுகிற பழைய உருளை மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. ஒன்றே கால் லட்சம். தராசக்கா இந்தத் தடவை லீஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நேராகப் புருஷனை அழைத்துக்கொண்டு போனாள்.

“இதுல என்ன இருக்கு?” என்றாள்.

“ஒரு உருளை, ஒரு மோட்டார், மேல சுத்தின கம்பளி. அவ்வளவுதான்” என்றார் அவர், கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. “இத நான் கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பேன். இருபது வருஷம் ஓடும்.”

“அப்ப வாங்கிடுவோம். இதுக்குப் போய் எவனாவது வாடகை குடுப்பானா?”

அன்றைக்கு ரொக்கம் கொடுத்து, லாரியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார் மனுஷர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வந்தபோதுகூட அப்படி நிமிர்ந்து உட்காரவில்லை என்று அவள் இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

பெரிய மெஷினை அவள் பார்த்துக்கொண்ட விதமே வேறு. தண்ணீரை மென்மையாக்குகிற தொட்டி ஒன்றைச் சொந்தக் காசில் வைத்தாள். அது தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிடித்துவைக்க வாரம் ஒரு மூட்டை உப்புப் போட வேண்டும், அவளே போடுவாள், வேறு யாரையும் விடமாட்டாள். நாற்பது கிலோவுக்கு மேல் அரைக் கிலோகூட ஏற விடமாட்டாள். “வாடகை மெஷினுக்கு இவ்வளவு சீராட்டாக்கா?” என்று கேட்டாள், ஆஸ்பத்திரித் துணிக்காகச் சேர்ந்த நாலு பெண்களில் மூத்தவள், வாய்த்துடுக்கு உள்ளவள்.

“வாடகைக்கு எடுத்தா அடிச்சு ஓட்டணும்னு சட்டமா? திருப்பிக் குடுக்கும்போது கெட்டுப்போச்சுன்னு தண்டம் போடுவான். நாமளே வெச்சுக்கறதானா நமக்கு நல்ல மெஷின் வேணும். ரெண்டுல எதுன்னாலும் உப்புப் போடு.”

முப்பத்து மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, கீழ்த்தளத்தில் சொந்தமாக லாண்டரி வைக்கிறார்கள். தெருவே உச்சுக் கொட்டியது. எதிர்க்கடைக்காரர் வந்து, “பெரிய எடத்த நம்பினா இப்படித்தான்” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். நாலு பெண்களும் உருளை அருகில் கூடி நின்று குசுகுசுத்தார்கள். மூத்தவள் மட்டும் முன்னால் வந்து, “அக்கா, நாங்க வேற வேலை பாத்துக்கணுமா, இப்பவே சொல்லிடுங்க” என்றாள். குரல் உடைந்திருந்தது.

தராசக்கா கையிலிருந்த உப்பு மூட்டையை இறக்கி வைத்தாள். மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் கடை தப்பிக்கும், நூல் பிசகாமல் லீஸும் ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடிகின்றன. அவள் போட்ட கணக்கு பலித்தது. ஆனால் இந்த நாலு பேர்? இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“ஒரு வாரம் குடு” என்றாள்.

அந்த வாரம் லீஸ் கம்பெனித் தம்பி மெஷினைச் சோதிக்க வந்தார். டை அப்படியே இருந்தது, தொப்பை கொஞ்சம் வந்திருந்தது. டார்ச் அடித்து டிரம்முக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு ஒரு திட்டுக்கூட இல்லை.

“மேடம், இந்த ஏரியாவுல இப்படி ஒரு டிரம்ம நான் பாத்ததே இல்ல. இத வெளியில வித்தா எட்டு லட்சம் போகும்” என்றவர், சொல்லிய வாயைக் கையால் பொத்திக்கொண்டார். “கம்பெனி இத எடுத்துக்கட்டும் மேடம். புது மாடல் ஒண்ணு நல்ல விலைக்கு லீஸ் போட்டுத் தர்றேன்.”

“எழுதின விலை என்ன தம்பி?”

“மூன்றரை.”

“லீஸ் முடியற அன்னைக்கு முன்பணத்தக் கழிச்சுக்கிட்டு ரசீது போடுங்க.”

புருஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “துணியே போச்சு, இப்ப எதுக்கு மெஷின்?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். வாங்கலாம் என்று அன்று குதித்தவர் இன்று வேண்டாம் என்று குதிக்கிறார்! நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி நிர்வாகி மேஜையில் மூன்று கம்பெனிகளின் விலைப்பட்டியல் பரப்பிக் கிடந்தது. தராசக்கா சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் முந்திக்கொண்டார்.

“மேலிடத்து முடிவும்மா. என் கையில ஒண்ணும் இல்ல.”

“நான் அதப் பேச வரல சார். மெஷின் எடுத்துட்டீங்களா?”

“எங்க! புதுசு இருபது லட்சத்துக்கு மேல போகுது. பணம் ஒதுக்கறதே பெரும்பாடு. ஒதுக்கினாலும் மெஷின் வர நாலு மாசம்கறாங்க. எத்தன கிலோ மெஷின் போடறதுன்னே இங்க யாருக்கும் தெரியல. முந்நூத்தி இருபதுக்கு நூறு கிலோ வேணும்னு ஒருத்தர், ஐம்பது போதும், ஆறே சுத்துல முடியும்னு இன்னொருத்தர்.”

“எட்டுச் சுத்து சார். உங்க துணிக்கு ஒரு சுத்துக்கு நாப்பதுதான் போகும். மூணு வருஷமா நான் ஓட்டின மெஷின் இருக்கு. உங்க ஒப்பந்தம் முடியற மாசமே அது என்னோடதாயிடும். மூணு வருஷ லீஸுக்குத் தர்றேன். பழுது வந்தா என் பொறுப்பு, சர்வீஸுக்கு அந்தக் கம்பெனியோட நானே ஒப்பந்தம் போட்டுக்கறேன். மாசம் முப்பத்தெட்டாயிரம்.”

நிர்வாகி பட்டியலைப் பார்த்தார். புது மெஷின் லீஸ் அறுபதாயிரத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஒரு கண்டிஷன்” என்றாள். “அந்த மெஷின ஓட்டத் தெரிஞ்ச நாலு பேர் எங்கிட்ட இருக்காங்க. எந்தக் கறைக்கு முதல்ல பச்சத் தண்ணி, எதுக்குச் சுடுதண்ணி, எல்லாம் அத்துப்படி. புது ஆள விட்டா ஆறு மாசத்துல டிரம் போயிடும். அந்த நாலு பேர நீங்க வேலைக்கு எடுக்கணும். உங்க ஆளுங்களுக்கு என்ன சம்பளமோ, என்ன லீவோ, அதே.”

“மெஷினோட ஆளையுமா லீஸுக்கு விடறீங்க?”

“ஆள் லீஸ் இல்ல சார். ஆள் நிரந்தரம்” என்றாள், பட்டென்று.

நிர்வாகி இரண்டு நாள் இழுத்தடித்தார். மேலே போனார், கீழே வந்தார், முப்பத்தைந்துக்குக் கேட்டுப் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் கையெழுத்தாயிற்று. மூத்தவளிடம் சொன்னபோது அவள் தராசக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஈரக் கையோடு, முதுகெல்லாம் சோப்பு நுரை. ஆஸ்பத்திரிச் சம்பளம் கடைச் சம்பளத்தைவிட அதிகம், மருத்துவச் செலவும் உண்டு. கடையில் பழைய மூன்று பெண்களும், விடுதித் துணியும், உருளையும் இருந்தன. அதுபோக மாதம் பிறந்தால் முப்பத்தெட்டாயிரம்.

ஒப்பந்தம் முடிந்து மெஷினை ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் இறக்கிய நாளன்று புருஷன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்து, நாலு காலையும் மட்டம் பார்த்து முடுக்கினார். ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஒருவர் காகித அட்டையோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். எண்ணெய்க் கையோடு மெஷினடியிலிருந்து எழுந்த ஆம்பிளையைக் கண்டதும் அவரிடமே அட்டையை நீட்டினார்.

“மெஷின் ஓனர் நீங்கதானே? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

புருஷன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மெஷினோடு கொண்டுவந்த தண்ணீர்த் தொட்டியருகில் நாலு பெண்களுக்கும் உப்பு அளவு சொல்லிக்கொண்டிருந்தவளைக் காட்டினார். எப்போதும் முனகுகிற மனுஷர், அந்தக் கீழ்த்தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நான் அவங்க வீட்டுக்காரன் சார். ஓனர் அவங்கதான்.”